கரையில் நின்றவருக்கு இலங்கை ரோமிங் கட்டணம்: ஸ்கிரீன்ஷாட்டுகளைக் கொண்டு புகார்க் கடிதம் எழுதும் முறை

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நிற்கும் ஒருவரின் கைப்பேசிக்கு, இராமேஸ்வரத்து டவரைவிடக் கடலுக்கு அப்பாலுள்ள இலங்கை டவரின் சிக்னல் சில வேளைகளில் தெளிவாகக் கிடைப்பதை இந்தக் கரையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இடையில் கட்டடமோ மரமோ குன்றோ இல்லாததால் அலைவரிசை நீர்ப்பரப்பின் மேல் தடையின்றி வந்து சேர்கிறது. சொந்த நிறுவனத்தின் சிக்னல் தளர்ந்தவுடன் கைப்பேசி வேறு டவரைத் தேடுகிறது. அந்தச் சிம்முக்குச் சர்வதேச ரோமிங் திறந்துவிடப்பட்டிருந்தால் இலங்கை நிறுவனத்தின் டவரில் பதிவாகி, கைப்பேசியில் டேட்டா ரோமிங்கும் இயக்கத்தில் இருந்தால் அதன் வழியாக டேட்டாவையும் இழுக்கத் தொடங்கிவிடுகிறது. “இலங்கைக்கு நல்வரவு” என்ற குறுஞ்செய்தியைச் சுற்றுலா வந்தவர்கள் சிரித்துக்கொண்டே படிப்பார்கள். போஸ்ட்பெய்டு இணைப்பு வைத்திருப்பவருக்கோ அது அடுத்த மாத பில்லில் தொகையாக வந்து நிற்கும்.

என் அத்தான் இராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். வழக்கமாக 529 ரூபாய் 82 காசுக்கு வரும் அவருடைய மாத பில், சென்ற ஏப்ரலில் 3,456 ரூபாய் 22 காசுக்கு வந்தது. “நான் அரிச்சல்முனையைத் தாண்டிப் போனதே இல்லையே மாப்ள, இலங்கைக்குப் போனதா எப்படிப் போட்டான்?” என்று கேட்டுக்கொண்டு கைப்பேசியை என்னிடம் நீட்டினார். வாடிக்கையாளர் சேவை மையத்துக்கு அவர் பேசிய இரண்டு முறையும் “சிஸ்டத்தில் பயன்பாடு காட்டுகிறது சார்” என்பதே பதிலாக இருந்தது. அந்தப் பதிலைக் கடந்து செல்ல நாங்கள் தயாரித்த கடிதத்தையும், அதற்கான ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சேர்த்த விதத்தையும் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: பில்லின் மொத்தத் தொகையை விட்டுவிட்டு வரிகளைப் பார்த்தல்

“பில் அதிகமாக வந்திருக்கிறது” என்று தொடங்கும் புகார் பெரும்பாலும் தோற்றுவிடுகிறது, ஏனென்றால் அதைப் படிக்கும் ஊழியர் மொத்தத் தொகையைச் சரிபார்த்து, கூட்டல் சரியாக இருக்கிறது என்று எழுதி முடித்துவிடுவார். எந்த நாள், எந்த நேரம், எத்தனை எம்.பி., எத்தனை ரூபாய் என்று வரிவரியாகக் காட்டும் விரிவான பில்லை முதலில் பெற்றுக்கொள்ள வேண்டும். போஸ்ட்பெய்டு இணைப்பில் அது பெரும்பாலும் நிறுவனத்தின் செயலியிலேயே பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கும். ப்ரீபெய்டு வாடிக்கையாளரும் கடந்த 6 மாதங்களுக்குள் உள்ள பயன்பாட்டு விவரத்தைக் கேட்டுப் பெறலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைப்பின் 2012 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது.

அத்தானின் பில்லில் ரோமிங் டேட்டா என்ற தலைப்பின் கீழ் மூன்று வரிகள் இருந்தன. மார்ச் 9 காலை 11:18க்கு 14 எம்.பி., அதே நாள் பிற்பகல் 3:52க்கு 27 எம்.பி., மார்ச் 17 காலை 10:40க்கு 21 எம்.பி. என்று மொத்தம் 62 எம்.பி. ஒரு எம்.பி.க்கு 40 ரூபாய் வீதம் 2,480 ரூபாயும், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியாக 446 ரூபாய் 40 காசும் சேர்ந்து 2,926 ரூபாய் 40 காசு. வரியைச் சேர்த்த தொகையையே திரும்பக் கேட்க வேண்டும். கட்டணம் தவறென்றால் அதன் மேல் போட்ட வரியும் தவறுதான், ஆனால் பலர் இதை எழுத மறந்து அந்தப் பணத்தை இழக்கிறார்கள்.

இரண்டாம் படி: எதையும் தொடுவதற்கு முன் கைப்பேசியின் கணக்கைப் பிடித்தல்

அத்தான் வைத்திருந்தது நான் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த ஐபோன். அதில் `Settings` → `Mobile Data` பக்கத்தில் `Current Period` என்ற மொத்தக் கணக்கும், அதனடியில் `Current Period Roaming` என்ற தனிக் கணக்கும் இருக்கும். பக்கத்தின் கடைசிவரை கீழே இறங்கினால் `Reset Statistics` என்ற பொத்தானும், கணக்கு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதைச் சொல்லும் `Last Reset` என்ற வரியும் தென்படும். அந்தப் பொத்தானை எக்காரணம் கொண்டும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் இருக்கும் ஒரே சான்று பூஜ்யமாகிவிடும். ஐபோனின் இந்தக் கணக்கு மாதந்தோறும் தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதால், `Last Reset` தேதி இல்லாத ஸ்கிரீன்ஷாட்டுக்கு மதிப்பில்லை. இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக வைக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் சிம் அமைப்புகளுக்குள் செயலிவாரியான டேட்டா கணக்கு இருக்கும். இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் பில் வந்த சிம்மைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்குச் சுழற்சியின் தொடக்க நாளும் பில்லின் தொடக்க நாளும் வேறுபட்டிருந்தால் இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது.

எங்களுக்குக் கிடைத்த எண், நான் எதிர்பார்த்தது அல்ல. `Last Reset` ஜனவரி மாதத்தைக் காட்டியது, `Current Period Roaming` 41.3 MB என்று காட்டியது. பூஜ்யம் வந்திருந்தால் கடிதம் எளிதாக முடிந்திருக்கும். ஆனால் பில்லில் முதல் இரண்டு வரிகளின் கூட்டுத்தொகை 41. அதாவது அந்த இரண்டு பயன்பாடும் உண்மையாகவே நடந்தவை. மூன்றாவது வரியின் 21 எம்.பி. மட்டும் கைப்பேசியின் கணக்கில் இல்லை. இந்த இடத்தில் நேர்மையாக நிற்பது முக்கியம். மூன்றுமே பொய் என்று எழுதிவிட்டு, அதே கடிதத்தோடு 41.3 காட்டும் படத்தை இணைத்தால் நம் கடிதத்தை நம் சான்றே மறுத்துவிடும்.

நிறுவனத்தின் கணக்கும் கைப்பேசியின் கணக்கும் துல்லியமாக ஒத்துப்போகாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தரவோடு சேர்ந்து செல்லும் முகவரித் தகவல்களையும், வழியில் தவறி மீண்டும் அனுப்பப்பட்டவற்றையும் நிறுவனம் எண்ணுகிறது, ஒரு எம்.பி.யை ஒருவர் 1000 கே.பி. என்றும் இன்னொருவர் 1024 கே.பி. என்றும் வகுக்கிறார்கள். சில சதவீத வேறுபாட்டை வைத்துப் புகார் எழுதினால் அது நிராகரிக்கப்படும். முழுதாக ஒரு வரியே காணாமல் இருப்பதுதான் புகாருக்கு உரிய வேறுபாடு.

மூன்றாம் படி: நேரத்தை நிரூபிக்கும் படங்கள்

அளவைக் காட்டும் படத்துக்கு அடுத்தபடியாக நேரத்தைக் காட்டும் படங்கள் வேண்டும். மார்ச் 9 காலை 11:16க்கு வந்த “இலங்கைக்கு நல்வரவு” குறுஞ்செய்தி அழிக்கப்படாமல் இருந்தது. அதற்கு இரண்டு நிமிடம் கழித்துத்தான் பில்லின் முதல் வரி தொடங்குகிறது. இதனால் நமக்கு இரண்டு பயன்கள் கிடைக்கின்றன. கைப்பேசி அந்த நேரத்தில் அயல்நாட்டு டவருக்குப் போனது உறுதியாகிறது. பில்லில் உள்ள நேரம் இந்திய நேரம்தான் என்பதும் உறுதியாகிறது. ரோமிங் பதிவுகள் சில இடங்களில் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுவதுண்டு. அப்படியானால் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டித்தான் ஒப்பிட வேண்டியிருக்கும். “நேர மண்டலக் குழப்பம்” என்று நிறுவனம் பின்னால் சொல்லக்கூடிய பதிலை அந்த ஒரு குறுஞ்செய்தி முன்கூட்டியே அடைத்துவிடுகிறது.

மூன்றாவது வரியின் நாளான மார்ச் 17 அன்று எந்த நல்வரவுச் செய்தியும் வரவில்லை. வேனுக்கு டீசல் போட அத்தான் அன்று காலை இராமநாதபுரத்தில் ஒரு பங்க்கில் நின்றிருக்கிறார்; 10:21க்குப் பணம் செலுத்திய யுபிஐ ரசீது இருந்தது. அந்த ஊரிலிருந்து அரிச்சல்முனை 70 கிலோமீட்டருக்கும் மேல். இதைவிட வலுவான சான்று அதே பில்லின் வேறொரு பக்கத்தில் கிடைத்தது. உள்நாட்டு அழைப்புகளின் பட்டியலில் 10:36க்குத் தொடங்கி 14 நிமிடம் நீடித்த ஓர் அழைப்பு பதிவாகியிருந்தது. ஒரு சிம் ஒரே நேரத்தில் இந்திய டவரில் பேசிக்கொண்டும் இலங்கை டவரில் டேட்டா எடுத்துக்கொண்டும் இருக்க முடியாது. அழைப்பின் நான்காவது நிமிடத்தில் ரோமிங் டேட்டா தொடங்கியதாகக் காட்டும் வரியை நிறுவனத்தின் சொந்த ஆவணமே பொய்யாக்குகிறது. நம் கைப்பேசிப் படங்களைச் சந்தேகிப்பவர் கூடத் தன் நிறுவனத்தின் பில்லைச் சந்தேகிக்க முடியாது. ஆகவே சான்று தேடுபவர்கள் கைப்பேசியைத் துழாவும் அதே அக்கறையோடு பில்லின் மற்றப் பக்கங்களையும் படிக்க வேண்டும்.

படம் எடுக்கும்போது மேலேயுள்ள நேரம், சிக்னல், நிறுவனப் பெயர் ஆகிய பட்டையை வெட்டிவிடக் கூடாது. அசல் படத்தின் மேல் வட்டமோ அம்புக்குறியோ போடாமல், ஒரு பிரதி எடுத்து அதில் குறியிட வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் சுருங்கி எழுத்துகள் மங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே சேரும். யுபிஐ ரசீதில் வங்கிக் கணக்கு எண்ணையும், குறுஞ்செய்திப் பட்டியலில் ஓடிபி வரிகளையும் பிரதியில் மறைத்துவிட வேண்டும். இன்றைக்கு எடுத்த படம் இன்றைய நிலையை மட்டுமே காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது: `Data Roaming` இப்போது அணைந்திருப்பதைப் படமெடுத்து, மார்ச் மாதத்திலும் அப்படித்தான் இருந்தது என்று வாதிட முடியாது. எங்கள் கைப்பேசியில் அது இயக்கத்தில்தான் இருந்தது. நான் சிங்கப்பூர் சென்றபோது போட்டதை அணைக்காமலே அத்தானிடம் கொடுத்திருந்தேன்.

கோப்புகளுக்குக் கடிதத்தில் வரும் வரிசையிலேயே பெயரிட்டோம்:

```
01_bill_roaming.pdf
02_bill_calls_mar17.pdf
03_phone_roaming_count.png
04_phone_last_reset.png
05_sms_mar09_1116.png
06_upi_mar17_1021.png
```

நான்காம் படி: கடிதம்

இரண்டு வேறுபட்ட தவறுகளை ஒரே வாதத்தில் கலக்காமல் இருப்பதே கடிதத்தின் உயிர். மூன்றாம் வரியின் மேல் நம் வாதம், அந்தப் பயன்பாடு நடக்கவே இல்லை என்பது. முதல் இரண்டு வரிகளின் மேல் நம் வாதம், பயன்பாடு இந்திய மண்ணில் நின்றபோது நடந்தது, சர்வதேச ரோமிங்கை நாங்கள் கேட்டு வாங்கவில்லை என்பது. கைப்பேசியில் ஒரு பொத்தான் இயக்கத்தில் இருப்பதும், நிறுவனத்திடம் சேவையைக் கேட்டுப் பெறுவதும் ஒன்றல்ல. சேவையை எப்போது, எந்த வழியில் கேட்டோம் என்பதற்கான பதிவைக் காட்டும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஆகவே அந்தப் பகுதியைக் குற்றச்சாட்டாக எழுதாமல், பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வியாக எழுதினோம். கடிதத்தின் உடல் இவ்வாறு அமைந்தது:

> பொருள்: ஏப்ரல் 2 தேதியிட்ட பில்லில் சர்வதேச ரோமிங் டேட்டா என விதிக்கப்பட்ட ரூ. 2,926.40 (ஜிஎஸ்டி உட்பட) தொகையை நீக்கக் கோருதல்.
>
> ஐயா/அம்மையீர்,
>
> மேற்கண்ட பில்லில் மூன்று ரோமிங் டேட்டா வரிகள் உள்ளன (இணைப்பு 1). மார்ச் மாதம் முழுவதும் நான் இந்தியாவை விட்டு வெளியே செல்லவில்லை.
>
> மார்ச் 17, காலை 10:40, 21 எம்.பி. என்ற வரியை முழுமையாக மறுக்கிறேன். தங்கள் பில்லின்படியே அன்று 10:36 முதல் 14 நிமிடங்கள் நான் உள்நாட்டு அழைப்பில் இருந்தேன் (இணைப்பு 2). 10:21க்கு இராமநாதபுரத்தில் பணம் செலுத்தியுள்ளேன் (இணைப்பு 6). ஜனவரி முதல் என் கைப்பேசியில் பதிவான மொத்த ரோமிங் டேட்டா 41.3 எம்.பி. மட்டுமே, அதில் இந்த 21 எம்.பி. அடங்கவில்லை (இணைப்பு 3, 4). இவ்வரிக்குரிய ரூ. 840, ஜிஎஸ்டி ரூ. 151.20, ஆக ரூ. 991.20 நீக்கப்பட வேண்டும்.
>
> மார்ச் 9 தேதியிட்ட இரண்டு வரிகளும் நான் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இருந்தபோது, என் விருப்பமின்றிக் கைப்பேசி இலங்கை நெட்வொர்க்கில் பதிவானதால் ஏற்பட்டவை (இணைப்பு 5). இந்த எண்ணுக்குச் சர்வதேச ரோமிங் சேவை எந்தத் தேதியில், எந்த வழியில், யாருடைய கோரிக்கையின் பேரில் தொடங்கப்பட்டது என்பதற்கான பதிவைத் தந்தருள வேண்டும். அத்தகைய பதிவு இல்லையெனில் இவ்விரு வரிகளுக்குரிய ரூ. 1,640, ஜிஎஸ்டி ரூ. 295.20, ஆக ரூ. 1,935.20 நீக்கப்பட வேண்டும்.
>
> மறுப்பில்லாத ரூ. 529.82 தொகையை இன்று செலுத்திவிட்டேன். மறுக்கப்பட்ட தொகைக்காக, இப்புகார் முடியும்வரை இணைப்பைத் துண்டிக்கவோ தாமதக் கட்டணம் விதிக்கவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தில் மார்ச் 9 பயன்பாட்டை நாமே ஒப்புக்கொள்வது சிலருக்குத் தயக்கமாக இருக்கலாம். நிறுவனத்தின் பதிவில் அது இருக்கிறது, நம் கைப்பேசியிலும் இருக்கிறது. மறைப்பதால் கிடைப்பது ஒன்றுமில்லை. ஒப்புக்கொள்வதால் மூன்றாம் வரியை நாம் மறுக்கும் சொல்லுக்கு எடை கூடுகிறது. “மன உளைச்சல்” பற்றியும் “கொள்ளை” பற்றியும் அத்தான் சேர்க்கச் சொன்ன வாக்கியங்களை நான் சேர்க்கவில்லை. அவர் கோபம் நியாயமானது, ஆனாலும் படிப்பவர் பதில் சொல்ல வேண்டிய இடம் 10:36 என்ற எண்ணாகவே இருக்க வேண்டும் என்று எண்ணினேன்.

ஐந்தாம் படி: அனுப்பியபின்

கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, 198 என்ற கட்டணமில்லாப் புகார் எண்ணிலும் பதிவுசெய்து, குறுஞ்செய்தியில் வரும் புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த எண் இல்லாத புகார், விதிகளின் கண்ணில் நடந்ததாகவே கணக்கில்லை. அந்தக் குறுஞ்செய்தியும் ஒரு ஸ்கிரீன்ஷாட் ஆகி ஏழாவது இணைப்பாகிறது.

பதில் திருப்தியாக இல்லையென்றாலோ, உரிய காலத்தில் பதிலே வரவில்லையென்றாலோ, அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் கட்டணமின்றி மேல்முறையீடு செய்யலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும். டிராய்க்கு நேரடியாக எழுதுவதில் பயனில்லை, அது தனிநபர் புகார்களைத் தீர்ப்பதில்லை. மேல்முறையீட்டிலும் தீரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் இருக்கின்றன. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாமா என்று பல ஆண்டுகள் இருந்த ஐயத்தை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்து நீக்கிவிட்டது.

எங்கள் கடிதத்துக்கு வந்த முதல் பதில், மார்ச் 17 வரியை மட்டும் நீக்கி 991 ரூபாய் 20 காசை வரவு வைத்தது. மார்ச் 9 பற்றி “பயன்பாடு சரியானது” என்று ஒரே வரி எழுதியிருந்தார்கள். நாம் கேட்ட கேள்விக்கு அது பதிலே அல்ல. மேல்முறையீட்டில் புதிதாக ஒன்றும் சேர்க்காமல், ரோமிங் தொடங்கப்பட்டதற்கான பதிவு தரப்படவில்லை என்பதை மட்டும் சுட்டிக்காட்டி, முதல் கடிதத்தையும் இணைப்புகளையும் மீண்டும் அனுப்பினோம். பதிவு அவர்களிடம் இல்லை. மீதி 1,935 ரூபாய் 20 காசும் அதற்கடுத்த பில்லில் கழிக்கப்பட்டது.

அந்த எண்ணில் சர்வதேச ரோமிங்கை நிறுத்தச் சொல்லி எழுத்தில் கோரிக்கை கொடுத்து, அதற்கும் ஒரு புகார் எண் வாங்கினோம். `Data Roaming` அணைக்கப்பட்டுவிட்டது, `Network Selection` பகுதியில் தானாகத் தேடுவதையும் நிறுத்தி, சொந்த நிறுவனத்தின் பெயரையே நிலையாகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார் அத்தான். இதனால் அரிச்சல்முனையில் சில நேரம் சிக்னலே இல்லாமல் போகிறது. அவசரமாகப் பேச வேண்டியிருந்தால் முகுந்தராயர் சத்திரம் வரை வேனைத் திருப்பிக்கொண்டு வந்து பேசுகிறார்.